பல் சிகிச்சை நிலையத்துக்கு ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவது: யாருடைய இரகசியமும் வெளிவராமல் ஒரு திட்டத்தை அமைப்பது எப்படி

கொழும்பில் பல் டொக்டரைத் தேடும் தமிழ்ச் சனம் பெரும்பாலும் விளம்பரம் பார்த்து வருவதில்லை. வெள்ளவத்தையில் ஒரு மாமி சொல்லுவார், கொட்டாஞ்சேனையில் ஒரு வேலைத்தோழி சொல்லுவார், அப்படித்தான் கதிரை நிரம்பும். அதனால் புதிதாக ஒரு நிலையம் திறப்பவர்கள் முதலில் யோசிப்பது, "ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால் ஆயிரம் ரூபா கழிவு" என்பதைத்தான். சலூனுக்கும் ஜிம்முக்கும் அது பொருந்தலாம். பல் நிலையத்தில் அது எங்கே போய் முடியும் என்பதை நான் கவுண்டரில் இருந்தே பார்த்தேன்.

நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் அப்படி ஒரு திட்டம் இருந்தது. அனுப்பி வைத்தவருடைய கணக்கில் ஒரு தொகை ஏறும். சின்ன வேலை என்றால் 1,000 ரூபா, கிரவுன் அல்லது அதற்கு மேற்பட்ட வேலை என்றால் 5,000 ரூபா. சிகிச்சை முடிந்து காசு கட்டியதும் அனுப்பியவருக்கு எஸ்எம்எஸ் தானாகவே போய்விடும். ஒரு மாமி சொல்லி ஒரு பிள்ளை வந்தாள். சின்ன வயதில் சைக்கிளால் விழுந்து முன்பல் உடைந்தவள். கிரவுன் போட்டோம், வேலையும் வடிவாக வந்தது. இரண்டு நாள் கழித்து அவள் கவுண்டரில் வந்து நின்று சொன்னது இது: "அக்கா, நான் மாமியிட்ட சும்மா கிளீன் பண்ணப் போறன் எண்டுதான் சொன்னனான். அவாவுக்கு 5,000 விழுந்திருக்கு. இப்ப எல்லாருக்கும் தெரியும்." அப்போது வீட்டில் அவளுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அந்த எஸ்எம்எஸ்ஸில் சிகிச்சையின் பெயர் எங்கேயும் இல்லை. தொகை ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, யாரோ கவனக்குறைவாக இருந்ததால் வந்த பிழை அல்ல இது. அனுப்பியவருக்குப் பரிசு கொடுக்க வேண்டும் என்றால், இன்னார் சொல்லி இன்னார் வந்தார் என்று இரண்டு நோயாளிகளின் பெயரை ஒன்றாக எழுதிவைக்க வேண்டும். எழுதினால் ஒருநாள் அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போய்ச் சேரும். ஆகவே இந்த வழிகாட்டியில் நான் விளக்கப்போகும் திட்டத்தில் இரண்டு பெயர்கள் ஒரே இடத்தில் சேரவே மாட்டாது. மற்ற எல்லாப் படிகளும் அதிலிருந்துதான் வருகின்றன.

தொடங்கும் முன்: உங்களைக் கட்டுப்படுத்துவது எது

இலங்கையில் பல் வைத்தியர்களும் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கை மருத்துவ சபையில்தான் பதிவு செய்கிறார்கள். மருத்துவர்களுக்கும் பல் வைத்தியர்களுக்குமான ஒழுக்க வழிகாட்டல்களைத் தருவதும் அந்தச் சபைதான். தன்னைத் தானே புகழ்வது, மற்ற வைத்தியரோடு ஒப்பிட்டு உயர்த்திச் சொல்வது, ஆள் பிடிப்பது, நோயாளியை அனுப்பியதற்காகப் பங்கு கொடுப்பதும் வாங்குவதும் எல்லாம் தொழில் ஒழுக்கப் பிரச்சினைகள். முறைப்பாடு போனால் பதில் சொல்ல வேண்டியவர் வைத்தியர். திட்டத்தை முகாமையாளரே யோசித்திருந்தாலும், விளம்பரக் கொம்பனியே செய்து கொடுத்திருந்தாலும், பதிவு வைத்தியருடையது. நிலையத்தின் பதிவு வேறு விடயம். அது 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது, தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குறுத்தும் சபையோடு தொடர்புடையது.

தகவல் பக்கத்தில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் பகுதிகள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருபவை என்றாலும், இப்போதே அதன்படி அமைத்துக்கொள்வதுதான் புத்தி. இரண்டு விடயங்கள் நமக்கு முக்கியம். ஒன்று, உடல்நலம் பற்றிய தகவலை அந்தச் சட்டம் கூடுதல் கவனம் வேண்டிய தனி வகையாக வைத்திருக்கிறது. ஒருவர் உங்களிடம் வந்தார் என்ற செய்தியையும் அந்த வகைக்குள்தான் நான் வைப்பேன், ஏனென்றால் பல் நிலையத்துக்கு யாரும் வேறு வேலையாக வருவதில்லை. மற்றது, விளம்பரச் செய்தி அனுப்புவதற்குப் பெறுபவரின் சம்மதம் வேண்டும். உங்கள் நோயாளி தன் நண்பரின் நம்பரைத் தந்தார் என்பது அந்த நண்பர் தந்த சம்மதம் ஆகாது.

முதல் படி: இப்போது எப்படி வருகிறார்கள் என்று எண்ணுங்கள்

கார்ட் அடிப்பதற்கு முன்னால் மூன்று மாதம் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். புதிய நோயாளி நிரப்பும் படிவத்தில் அதைச் சேர்க்க வேண்டாம். படிவம் அவருடைய கோப்பில் போய் உட்கார்ந்துவிடும், பெயரோடு. கவுண்டரில் ஒரு தனித்தாள் வையுங்கள். அதில் நான்கே நான்கு கட்டம்: தெரிந்தவர் சொன்னார், வேறு வைத்தியர் அனுப்பினார், இணையத்தில் பார்த்தேன், பலகையைப் பார்த்தேன். றிசெப்ஷனில் இருப்பவர் கேட்டுவிட்டு ஒரு கோடு போட்டால் போதும். "யார் சொன்னது?" என்று கேட்கவே கூடாது. நோயாளி தானாகப் பெயர் சொல்வார், நம்முடைய சனம் கட்டாயம் சொல்லும். கேட்டுக்கொள்ளலாம், எழுதக் கூடாது.

இரண்டாம் படி: பரிசு

அனுப்பியவருக்குக் காசு, கழிவு, வவுச்சர், இலவச ஸ்கேலிங் எதுவும் வேண்டாம். வருபவருக்கு மட்டும் கழிவு கொடுப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பல் சிகிச்சையில் ஒருவர் கழிவுக்காக வந்தால், அந்தக் கழிவு முடிவதற்குள் ஒரு வேலையைச் செய்துவிடலாம் என்ற அவசரம் அவருக்கும் வரும், கதிரைக்கு அருகில் நிற்பவருக்கும் வரும். தேவையில்லாத கிரவுன்கள் அப்படித்தான் பிறக்கின்றன.

"அப்படியென்றால் ஏன் சொல்வார்கள்?" என்று ஒரு டொக்டர் என்னைக் கேட்டார். இப்போதும் பரிசு இல்லாமல்தானே சொல்கிறார்கள். பல்லுக்கொதி வந்த ஆளிடம் "அங்க போங்கோ, நல்லாப் பாப்பினம்" என்று சொல்பவர் ஆயிரம் ரூபாவுக்காகச் சொல்வதில்லை. அவருக்குக் குறைவது ஒன்றுதான்: சொல்லும் நேரத்தில் விலாசமும் நம்பரும் கையில் இருப்பதில்லை. நம்முடைய திட்டம் அந்தக் குறையை மட்டும் தீர்க்கிறது.

இந்த இடத்தில் கொமிஷன் பற்றியும் சொல்லிவிட வேண்டும். விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் ஆட்களைக் கூட்டிவரும் வான் சாரதி, விடுதிக்காரர், கீழ்த்தளத்து மருந்துக்கடை என்று யாராவது தலைக்கு இவ்வளவு என்று கேட்கத்தான் செய்வார்கள். ஒரு தடவை கொடுத்தாலும் அது ஆள் பிடிப்பதுதான். வேறு வைத்தியருக்கு நோயாளியை அனுப்பும்போதும் அப்படியே. ரூட் கனாலுக்கோ ஞானப்பல் எடுக்கவோ விசேட வைத்தியரிடம் அனுப்பினால் கடிதமும் எக்ஸ்ரேயும் போகட்டும், காசு எந்தப் பக்கமும் போகக் கூடாது. கடிதத்தில் அந்தச் சிகிச்சைக்குத் தேவையான மருத்துவ விபரம் மட்டும் இருந்தால் போதும்.

மூன்றாம் படி: கார்ட்

விசிற்றிங் கார்ட் அளவில் ஒன்று, மூன்று மொழியிலும். முன்பக்கம் தமிழும் சிங்களமும், பின்பக்கம் ஆங்கிலமும் நேரங்களும் என்று பிரித்துக்கொண்டால் எழுத்து சின்னதாகாது. தமிழ்ப் பகுதி இப்படி இருக்கலாம்:

> (நிலையத்தின் பெயர்)
> வைத்தியரின் பெயர், பதிவு செய்யப்பட்ட தகைமை, மருத்துவ சபைப் பதிவு இலக்கம்
> விலாசம், எந்தத் தரிப்பிடத்தில் இறங்குவது, லிஃப்ட் உண்டா
> தொலைபேசி. திங்கள் முதல் சனி வரை, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை
> தமிழ், சிங்களம், ஆங்கிலத்தில் பேசலாம்
> இந்தக் கார்டைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. யார் தந்தார் என்று நாங்கள் கேட்பதில்லை.

கடைசி இரண்டு வசனங்களை விட்டுவிடாதீர்கள். ஒருவருக்குக் கார்ட் கொடுத்தவர் யாரென்று நமக்குத் தெரியாது என்பதை, வாங்குபவர் போன் எடுக்கும் முன்னமே அறிந்துகொள்கிறார்.

கார்டில் வரக் கூடாதவை: "வலியே இல்லாத", "கொழும்பின் சிறந்த", "நூறு வீத உத்தரவாதம்", சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படம், நோயாளி எழுதிய பாராட்டு. "விசேட" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். விசேட வைத்தியராகப் பதிவு இல்லாத ஒருவர் பிறேஸ் போடலாம், ஆனால் "பிறேஸ் விசேட நிபுணர்" என்று அச்சடித்தால் அது பொய்த் தகைமை. அச்சகத்துக்குக் கொடுக்கும் முன்னால் மாதிரியை மருத்துவ சபைக்கு எழுத்தில் அனுப்பி ஆலோசனை கேளுங்கள். நாள் எடுத்தாலும் பரவாயில்லை. அந்தக் கடிதத்தின் பிரதி கோப்பில் இருப்பது பிறகு ஒரு முறைப்பாடு வந்தால் உதவும்.

அப்புறம், எண்ணுவதற்காக ஓரத்தில் ஓர் எழுத்து. ஒவ்வொரு கார்டுக்கும் தனி இலக்கம் கொடுக்க ஆசை வரும், கூடாது. 0147 ஐ யாருக்குக் கொடுத்தோம் என்று எப்போதாவது யாராவது எழுதிவைப்பார்கள், பெயர்கள் மறுபடி சேர்ந்துவிடும். கட்டுக்கு ஓர் எழுத்து போதும். "அ" சிகிச்சை முடித்தவர்களுக்கு, "ஆ" பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோருக்கு, "இ" கவுண்டரில் சும்மா வைப்பதற்கு. ஒரு கட்டில் குறைந்தது ஐம்பது பேருக்காவது போக வேண்டும். ஐந்தே பேருக்குக் கொடுத்த ஓர் எழுத்து என்றால் அது கிட்டத்தட்ட பெயரேதான்.

நான்காம் படி: எப்போது, யார் கொடுப்பது

வலியோடு வந்த அன்று கொடுக்கக் கூடாது. விறைப்பு ஊசி போட்டு வாய் கோணலாக இருக்கும்போதும் கூடாது. டொக்டர் தன் கையால் கொடுப்பதும் சரியில்லை, ஏனென்றால் அடுத்த முறை அதே டொக்டரிடம் வாயைத் திறக்க வேண்டிய ஆளால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. சரியான நேரம், சிகிச்சை முடிந்து திரும்பப் பார்க்க வந்த நாள், கவுண்டரில் பில்லைக் கொடுத்த பிறகு. றிசெப்ஷனில் இருப்பவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அன்ரி, ஆராவது பல்லுக்கு எங்க போறது எண்டு கேட்டா இதைக் குடுங்கோ. வேண்டாமெண்டால் பரவாயில்லை." ஒருவருக்கு இரண்டு கார்ட், ஒரே ஒரு தடவை. கை நீட்டாவிட்டால் மேசையிலேயே விட்டுவிட வேண்டும். பிள்ளைகள் விடயத்தில் பெற்றோரிடம்தான். பாடசாலைப் பையில் கார்ட் போட்டு அனுப்புவது வகுப்பறையில் விளம்பரம் செய்வது மாதிரி.

ஐந்தாம் படி: போனும் வாட்ஸ்அப்பும்

திட்டம் உடைவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் அன்பினால். வெள்ளவத்தையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒருவர் போன் எடுத்து, "நான் சொல்லி ஒரு பிள்ளை வந்திருப்பா, வந்தவாவோ?" என்று கேட்பார். ஓம், வந்தவா, நல்ல பிள்ளை என்று பதில் சொல்லத்தான் வாய் வரும். சொல்ல வேண்டியது: "அன்ரி, ஆர் வந்தது, வரேல்லை எண்டு நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லுறதில்லை. உங்களைப் பற்றிக் கேட்டாலும் அப்பிடித்தான்." இரண்டாவது வசனத்தைச் சேர்த்தால் யாரும் கோபிப்பதில்லை, தன் விடயமும் இப்படித்தான் காக்கப்படுகிறது என்று அவருக்கு விளங்கிவிடும். வராத ஆளைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில்தான் வர வேண்டும். வராதபோது "இல்லை" என்றும், வந்தபோது "சொல்ல மாட்டோம்" என்றும் பதில் வந்தால், "சொல்ல மாட்டோம்" என்பதே "வந்தார்" என்று ஆகிவிடும்.

புதிதாக வருபவர், "எங்கட மாமி உங்களிட்டத்தான் பல்லுக் கட்டினவா" என்று தொடங்கினால், மாமியைத் தெரிந்ததாகக் காட்டாமல் "வாங்கோ, உங்களுக்கு என்ன பிரச்சினை எண்டு சொல்லுங்கோ" என்று அவருடைய விடயத்துக்குப் போய்விடலாம். ஒரே நேரத்தில் இருவரும் காத்திருக்கும் அறையில் சந்திப்பதை நாம் தடுக்க முடியாது. ஆனால் அங்கே பெயரோடு சேர்த்துச் சிகிச்சையைக் கூப்பிடாமல் இருக்கலாம். "ரூட் கனால் ஆள் உள்ள வாங்கோ" என்று கூப்பிடும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

வாட்ஸ்அப்பில் நடப்பது வேறு. நோயாளி ஒருவர் தன் நண்பரின் தொடர்பை அனுப்பி, "இவருக்கு ஒருக்கா கோல் எடுங்கோ" என்பார். எடுக்காதீர்கள். இப்படிப் பதில் போடலாம்:

> நன்றி. நாங்களாக யாருக்கும் அழைப்பதில்லை. கீழே உள்ள கார்டை அவருக்கு அனுப்பிவிடுங்கள், விரும்பினால் அவரே எங்களைக் கூப்பிடுவார். நீங்கள் அனுப்பிய நம்பரை இங்கிருந்து அழித்துவிட்டோம்.

கார்டின் படத்தை இணைத்து அனுப்பிவிட்டு, சொன்னபடியே நம்பரை அழித்துவிடுங்கள். போனின் தொடர்புப் பட்டியலில் சேர்ந்துவிட்டதா என்றும் ஒரு தடவை பாருங்கள்.

நோயாளிகளை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டு வாழ்த்தும் செய்தியும் அனுப்பும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதில் ஒவ்வொருவருடைய நம்பரும் மற்ற எல்லோருக்கும் தெரியும். குழுவில் இருப்பதே அவர் உங்கள் நோயாளி என்ற அறிவித்தல். ஆறு மாதப் பரிசோதனைக்கு நினைவூட்ட வேண்டும் என்றால் தனித்தனியாக, சம்மதக் கையெழுத்து வாங்கியவர்களுக்கு மட்டும், நிறுத்துவது எப்படி என்ற ஒரு வரியோடு அனுப்புங்கள். சிகிச்சைக்கான சம்மதத்தையும் செய்திக்கான சம்மதத்தையும் ஒரே கையெழுத்தில் அடக்கக் கூடாது. கூகுளில் யாராவது பாராட்டி எழுதினால் "உங்கள் கிரவுன் வேலை எங்களுக்கும் மகிழ்ச்சி" என்று பதில் எழுதுவதும் அதே பிழை. அவர் தன்னைப் பற்றிச் சொல்லலாம், நாம் சொல்ல முடியாது.

ஆறாம் படி: பலன் இருந்ததா என்று பார்ப்பது

பெயர் இல்லாமல் எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று கேட்பார்கள். ஓர் உதாரணத்துக்கு, இரண்டு கதிரை உள்ள நிலையம் என்று வைத்துக்கொள்வோம். கார்டுக்கு முந்தைய மூன்று மாதத்தில் புதியவர்கள் 90 பேர், அதில் 38 பேர் "தெரிந்தவர் சொன்னார்" கட்டத்தில். கார்ட் கொடுத்த மூன்று மாதத்தில் புதியவர்கள் 96, அதே கட்டத்தில் 50. தாமாகவே கார்டைக் காட்டியவர்கள் 22 பேர்: "அ" கட்டில் 80 கொடுத்து 9, "ஆ" கட்டில் 60 கொடுத்து 11, "இ" கட்டில் 90 எடுக்கப்பட்டு 2.

இதில் முதலில் தெரிவது கவுண்டரில் சும்மா வைத்த கார்ட் வேலை செய்யவில்லை என்பது. அதை நிறுத்திவிடலாம். பெற்றோர் கையில் போனவை நன்றாக வேலை செய்திருக்கின்றன, பாடசாலை வாசலில் காத்திருக்கும் அம்மாமாரின் பேச்சு அப்படிப்பட்டது. மூன்றாவதாக, 50 பேரில் 28 பேர் கார்டே காட்டவில்லை. மறந்திருக்கலாம், வாய்வழியாகவும் வந்திருக்கலாம். கார்ட் பிடிப்பது ஒரு பகுதியை மட்டும்தான்.

38 இலிருந்து 50 ஆகக் கூடியதைக் கார்டின் வெற்றி என்று உடனே எழுதிவிடாதீர்கள். கொழும்பில் ஜூலை, ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில் கனடா, லண்டன் உறவுகள் வந்து இறங்கும்போது பல் வேலைகளும் கூடும், அவர்களில் பலர் உறவினர் சொல்லித்தான் வருகிறார்கள். அந்த மாதங்கள் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் ஒப்பீடு பிழைத்துவிடும். கடந்த வருடத்தின் அதே மாதங்களோடு பாருங்கள். அது இல்லையென்றால் ஒரு முழு வருடம் எண்ணிவிட்டு முடிவெடுங்கள்.

கணக்குத் தாளில் ஒரு கோணல் தெரிந்தால் கவனியுங்கள். ஒரே வாரத்தில் ஒரே எழுத்துக் கார்ட் எட்டு, பத்து என்று வந்தால் எங்கேயோ யாரோ கட்டாக வைத்துக் கொடுக்கிறார்கள். மருந்துக்கடையாக இருக்கலாம், முச்சக்கரவண்டித் தரிப்பிடமாக இருக்கலாம், நம்முடைய ஊழியர் ஒருவரே உற்சாகத்தில் செய்ததாகவும் இருக்கலாம். வந்தவரிடம் விசாரிக்காமல் முதலில் லாச்சியில் மிச்சம் இருக்கும் கார்டை எண்ணுங்கள். கொடுத்த எண்ணிக்கையும் மிச்சமும் பொருந்தாவிட்டால் அந்த எழுத்தை நிறுத்திவிட்டு ஊழியர்களோடு பேசுங்கள்.

ஏழாம் படி: சோதித்துப் பார்ப்பது

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, றிசெப்ஷனுக்குக் குரல் தெரியாத ஒருவரைக் கொண்டு இரண்டு அழைப்பு எடுக்கச் சொல்லுங்கள். இப்படிச் சோதனை நடக்கும் என்று ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஒன்றில், உண்மையில் சிகிச்சைக்கு வந்த, தன் பெயரைப் பயன்படுத்தச் சம்மதித்த உங்கள் வீட்டு ஆள் ஒருவரின் பெயரைச் சொல்லட்டும், மற்றதில் வராத ஒருவரின் பெயரை. "நான் சொல்லி வந்தவரோ?" என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில் வருகிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால், அன்று கவுண்டரில் இருந்தவரோடு அமர்ந்து ஐந்தாம் படியில் சொன்ன பதிலின் இரண்டு வசனங்களையும் வாய்விட்டு இரண்டு மூன்று தடவை சொல்லிப் பழகுங்கள். வேலைக்குப் புதிதாக யார் சேர்ந்தாலும், போன் எடுக்கும் முன்னால் அதே பயிற்சி.

எங்கள் இப்போதைய நிலையத்தில் முதல் சோதனையில் தவறியது நான்தான். கேட்ட குரல் வயதான ஒரு அம்மாவுடையது, மறுக்க மனம் வரவில்லை. அதற்குப் பிறகு அந்த இரண்டு வசனங்களையும் எழுதி, போனுக்குக் கீழே மேசையில் ஒட்டி வைத்திருக்கிறோம்.